பணியிடம் போகிறது, வேறு வேலை தருகிறார்கள்: அந்த நாலு வாரம் எதற்கு?

லண்டனில் தமிழர்கள் வேலை செய்யும் ஒரு கிடங்கிலோ அலுவலகத்திலோ ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். நான் வக்கீல் இல்லை. பல வருடம் யூனியன் பிரதிநிதியாக இருந்ததில் இந்தக் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். பேச்சு அநேகமாக இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"அண்ணை, என்ர வேலையை எடுக்கினமாம். வேற வேலை ஒண்டு தருகினமாம். அது வேண்டாமெண்டால் காசு ஒண்டும் கிடையாதாம். யோசிக்க நாலு கிழமை இருக்காம்."

இந்த நாலு வாக்கியங்களில் முதல் இரண்டும் பெரும்பாலும் சரியாக இருக்கும். மூன்றாவது பாதி உண்மை. நாலாவது தப்பு. அந்தப் பாதி உண்மையையும் அந்தத் தப்பையும் நம்பித்தான் பலர் கையில் வரவேண்டிய பணத்தை விடுகிறார்கள், அல்லது பிடிக்காத வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும் சட்டம். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு.

## ரத்தான ரயில்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போக ரயிலில் இடம் பதிவு செய்திருக்கிறீர்கள். ரயிலை ரத்துசெய்துவிட்டார்கள். நிலையத்தில் ஒருவர் வந்து, "கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு வேறு ரயில் விடுகிறோம், ஏறுங்கள்" என்கிறார். யாழ்ப்பாணத்துக்கே போகிறது, அரை மணிதான் தாமதம். இதில் ஏறாமல் "காசைத் திருப்பித் தா" என்றால், தர மாட்டேன் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வேறொரு நாள் அவர் காட்டுவது நள்ளிரவில் புறப்படும் பஸ். அதுவும் வவுனியாவரைதான். அப்போது நீங்கள் காசைக் கேட்டால் நியாயம் உங்கள் பக்கம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலைமை உண்டு. பஸ் யாழ்ப்பாணம்தான் போகிறது, ஆனால் வழி வேறு, இருக்கை எப்படியோ தெரியாது. அப்போது அவர், "ஏறிப் பாருங்கள், முதல் நிறுத்தம்வரை வந்து பிடிக்கவில்லையென்றால் இறங்கிக் காசை வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். அந்த முதல் நிறுத்தம்தான் நாலு வாரம். ஏறுவதா வேண்டாமா என்று மேடையில் நின்று யோசிக்கும் நேரம் அது அல்ல. ஏறின பிறகு ஓடத் தொடங்கும் நேரம்.

## டிக்கெட் பணம் எவ்வளவு?

ஒரு நிறுவனத்துக்கு ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்ய ஆள் தேவையில்லாமல் போவது, அல்லது குறைந்த ஆட்கள் போதும் என்று ஆவது, அல்லது அந்த இடமே மூடப்படுவது: இதைத்தான் ஆட்குறைப்பு என்கிறோம். வேலை செய்பவரின் திறமையோ நடத்தையோ காரணம் இல்லை. போவது பணியிடம். அதில் இருந்தவரை அதே நிறுவனத்தில் வேறொரு பணியிடத்துக்கு எடுத்துக்கொள்ள முன்வருவதுதான் மாற்றுப்பணி. எச்.ஆர். கடிதங்களில் 'ரீடிப்ளாய்மென்ட்' என்று வருவது இதுவே.

மாற்றுப்பணி எதுவும் இல்லாமல் வேலை போனால், 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் ஒரு குறைந்தபட்ச இழப்பீட்டைத் தருகிறது. இரண்டு வருடமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 41 வயதுக்குப் பிறகு செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒன்றரை வாரச் சம்பளம், 22இலிருந்து 40வரையான வருடங்களுக்கு ஒரு வாரச் சம்பளம், 22க்கு முன் அரை வாரம். அதிகபட்சம் 20 வருடங்கள்தான் கணக்கில் வரும். வாரச் சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய வருடத்துக்கு அது 719 பவுண்ட். ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாகத் தருவதாக நிறுவனம் எழுதியிருந்தால் அதைக் கேட்கலாம்.

வசந்தி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, நிலைமை கற்பனை இல்லை. 46 வயது. மேற்கு லண்டனில் ஒரு கிடங்கின் இருப்புப் பிரிவில் மேற்பார்வையாளர், 11 முழு வருடங்கள். வாரம் 36 மணி நேரம், மணிக்கு 15 பவுண்ட், ஆக 540 பவுண்ட். 41 வயதுக்குப் பிறகான 5 வருடங்களுக்கு ஏழரை வாரம், அதற்கு முந்தின 6 வருடங்களுக்கு ஆறு வாரம், மொத்தம் பதின்மூன்றரை வாரம். 540ஆல் பெருக்கினால் 7,290 பவுண்ட். இதற்கு வருமான வரி கிடையாது (30,000 பவுண்ட்வரை இல்லை). இதைத் தவிர 11 வார நோட்டீஸும் உண்டு. 12 வருடம்வரை வருடத்துக்கு ஒரு வாரம் என்பது சட்டத்தின் கணக்கு.

மாற்றுப்பணியைப் பற்றிப் பேசும்போது பந்தயத்தில் இருக்கும் தொகை இந்த 7,290தான். இது கையில் தெரியாமல் யாரும் பேச உட்காரக்கூடாது. அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கணக்கைப் போட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

## எது முறையான அழைப்பு?

மேனேஜர் வழியில் நிறுத்தி, "அங்கே ஏதோ இடம் இருக்கிறதாம், விண்ணப்பித்துப் பார்" என்று சொல்வது மாற்றுப்பணி அழைப்பு ஆகாது. காலியிடங்களின் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஆகாது. இன்ன வேலை, இன்ன சம்பளம், இன்ன இடம் என்று நீங்கள் 'சரி' சொன்னால் அதுவே ஒப்பந்தமாகிவிடும் அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும். பழைய வேலை முடிவதற்கு முன் அதைத் தர வேண்டும். புதிய வேலை, பழையது முடிந்த கையோடு அல்லது அதிகபட்சம் நாலு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். (இது இன்னொரு நாலு வாரம். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.)

சட்டப்படி அழைப்பு வாய்மொழியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இல்லாத வேலையை எதனோடு ஒப்பிடுவது?

## மறுத்தால் காசு போகுமா?

மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். மறுத்தால் காசு இல்லை என்பது எப்போது உண்மை? இரண்டு கேள்விகளுக்கும் பதில் உங்களுக்கு எதிராக இருந்தால் மட்டும்.

முதல் கேள்வி, அந்த வேலை உங்களுக்குப் பொருத்தமானதா என்பது. சம்பளம், பதவியின் தரம், நேரம், இடம், உங்கள் திறமை, இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். சம்பளம் ஒன்றே போதாது. 1969இல் தீர்ப்பு வந்த ஒரு வழக்கில், கென்ட் மாவட்டத்தில் ஒரு தலைமை ஆசிரியரின் பள்ளி இன்னொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது. தேவைப்படும் பள்ளிகளுக்கெல்லாம் போய்ப் பாடம் எடுக்கும் ஆசிரியர் குழுவில் அவரைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். சம்பளம் தலைமை ஆசிரியர் சம்பளமே. அது பொருத்தமான வேலை இல்லை என்றது நீதிமன்றம். காசு குறையவில்லை, ஆனால் அவர் இருந்த இடம் வேறு, போகச் சொன்ன இடம் வேறு.

இரண்டாவது கேள்விதான் பலருக்குத் தெரியாதது. வேலை பொருத்தமானதாகவே இருக்கட்டும், நீங்கள் மறுத்ததற்கு நியாயமான காரணம் உண்டா? இங்கே பார்வை உங்கள் பக்கத்திலிருந்து. உங்கள் குடும்பம், உடல்நிலை, பயணம், அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்த விஷயங்கள், இவற்றை வைத்துப் பார்ப்பார்கள். 1993இல் வந்த ஒரு தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். தனி இறைச்சிக்கடை ஒன்றை நடத்திவந்த மேலாளர் ஒருவர். கடை மூடப்பட்டது. பெரிய அங்காடி ஒன்றில் இறைச்சிப் பிரிவுக்கு மேலாளராக வரச் சொன்னார்கள். வேலை பொருத்தமானதுதான் என்று தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. ஆனாலும், தன் தகுதி இறங்கிவிட்டதாக அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது, ஆகவே மறுத்ததும் நியாயம், பணம் உண்டு என்று முடிவானது.

'நியாயமான காரணம்' என்றால் மனம் போனபடி என்று அர்த்தம் இல்லை. "எனக்கு அந்த மேனேஜரைப் பிடிக்காது", "காசை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன்" என்பவை நிற்காது. அதுவும் இழப்பீட்டுத் தொகை பெரிதாக இருந்து, வந்த வேலை அச்சில் வார்த்ததுபோல் பழையதையே ஒத்திருந்தால், உங்கள் உண்மையான நோக்கம் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பணம் போவதற்கு வேலையும் பொருத்தமாக இருக்க வேண்டும், உங்கள் மறுப்பும் நியாயமற்றதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பணம் உங்களுடையது.

## ஒரு தாள், நடுவில் ஒரு கோடு

வசந்திக்கு வந்த கடிதம் நல்ல செய்திபோலவே இருந்தது. "வாரச் சம்பளம் 580 பவுண்ட்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். 40 பவுண்ட் கூட. வாரம் நாலு நாள்தான் வேலை. வீட்டில் எல்லோரும் "வாங்கிக்கொள்" என்றார்கள்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று எழுதச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மணிக்கணக்கு. நாலு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம், ஆக 40 மணி நேரம். 580ஐ 40ஆல் வகுத்தால் மணிக்கு 14.50. ஐம்பது பென்ஸ் குறைந்திருக்கிறது. சம்பளம் கூடவில்லை, வேலை கூடியிருக்கிறது.

அடுத்தது பயணம். இப்போது பஸ்ஸில் ஒரு வழிக்கு 1.75 பவுண்ட், வாரத்துக்குப் பத்துத் தடவை, 17.50. புதிய இடம் லண்டனுக்கு வெளியே, வீட்டிலிருந்து 14 மைல். வேலை மதியம் 2 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 12க்கு முடிகிறது. அந்த நேரத்தில் பஸ் இல்லை, கார் வேண்டும். போக வர 28 மைல், நாலு நாளுக்கு 112 மைல். மைலுக்கு 45 பென்ஸ் என்று வரித்துறை வழக்கமாக வைத்திருக்கும் கணக்கைப் போட்டால் 50.40 பவுண்ட். பயணச் செலவு வாரத்துக்கு 32.90 கூடுகிறது.

இனி வரி. கூடுதலாக வரும் 40 பவுண்டில் வருமான வரி 20 சதவீதம், தேசியக் காப்புறுதி 8 சதவீதம். மிஞ்சுவது 28.80. ஓய்வூதியப் பிடித்தத்தைச் சேர்க்கவே இல்லை. 28.80இலிருந்து 32.90ஐக் கழித்தால் வாரத்துக்கு 4 பவுண்ட் நட்டம்! இதற்காக நாலு மணி நேரம் கூடுதல் வேலை. பயணம் முன்பு ஒரு வழிக்கு 25 நிமிடம், இப்போது 45. வாரத்தில் அதுவும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கூடுகிறது.

பணத்தில் வராத வரிகளையும் எழுத வேண்டும். பழைய வேலையில் ஆறு பேர் அவர் சொல்கேட்டு வேலை செய்தார்கள், புதிய வேலையில் யாரும் இல்லை. பதவிப் பெயர் 'இருப்பு உதவியாளர்'. மாலையில் வீட்டில் தாயாருக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது வசந்தி, அந்த நேரத்தில் இனி அவர் கிடங்கில் இருப்பார். கடிதத்தில் இல்லாதவையும் இந்தத் தாளில் கேள்விக்குறியோடு வர வேண்டும்: விடுமுறை எத்தனை நாள், நோய்க்காலச் சம்பளம் பழையபடியா, ஓய்வூதியத்துக்கு நிறுவனம் எத்தனை சதவீதம் போடுகிறது, ஷிப்ட்டை நிறுவனம் நினைத்தால் மாற்றலாமா. பழைய 11 வருடச் சேவை தொடருமா என்றும் கேட்பார்கள். சட்டப்படி தொடரும், ஆனால் கடிதத்தில் ஒரு வரி இருந்தால் பிறகு வாக்குவாதம் இல்லை.

சில நிறுவனங்கள், குறிப்பாக அரசுத் துறை சார்ந்தவை, சம்பளப் பாதுகாப்பு தருவதுண்டு. அதாவது புதிய வேலையின் சம்பளம் குறைவாக இருந்தாலும் குறிப்பிட்ட காலம்வரை பழைய சம்பளத்தையே தருவது. இது சட்டம் தரும் உரிமை இல்லை, நிறுவனத்தின் கொள்கை. அதனால் 'உண்டா' என்பதோடு 'எத்தனை மாதம், அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமா, அந்தக் காலம் முடிந்ததும் என்னவாகும்' என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

## மேடையில் நிற்கும் நேரம்

அழைப்புக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் தர வேண்டும் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள் சொல்" என்று வியாழக்கிழமை கேட்பவர்களும் உண்டு, இரண்டு வாரம் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் எண் இல்லை என்பதால் நிறுவனம் நினைத்தபடி விரட்டலாம் என்று ஆகிவிடாது. விவரம் கேட்டவருக்கு விவரம் தராமல், அவகாசமும் தராமல் 'மறுத்துவிட்டார்' என்று எழுதினால், அந்த மறுப்பு நியாயமற்றது என்று பிறகு காட்டுவது அவர்களுக்குத்தான் கஷ்டம். ஏனென்றால் தெரியாத ஒன்றை ஏற்கவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆகவே அவகாசத்தை வெறுமனே 'டைம் வேண்டும்' என்று கேட்காதீர்கள். கேள்விகளோடு சேர்த்துக் கேளுங்கள். வசந்தி அனுப்பவேண்டிய மின்னஞ்சல் இவ்வளவுதான்: "அழைப்புக்கு நன்றி. பரிசீலித்துவருகிறேன். கீழே உள்ள ஐந்து விவரங்கள் தேவை. அவை கிடைத்து ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் தருகிறேன். இடைப்பட்ட நேரத்தில் புதிய இடத்தில் இரண்டு ஷிப்ட் கூட இருந்து பார்க்க அனுமதி வேண்டும்." இதில் மறுப்பும் இல்லை, ஏற்பும் இல்லை. கடிகாரத்தை ஓட்டும் பொறுப்பு அவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

அந்த இரண்டு ஷிப்ட் கோரிக்கையை நான் எப்போதும் வற்புறுத்துவேன். நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழைய சம்பளத்தில், போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கடிதம் சொல்லாததை ஒரு கழிவறையும் ஒரு கார் நிறுத்துமிடமும் சொல்லிவிடும்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாத ஒன்று உண்டு. கோபத்தில் "நானே விலகுகிறேன்" என்று எழுதிவிடுவது. மாற்றுப்பணியை மறுப்பது ராஜினாமா இல்லை. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் இழப்பீட்டை நீங்களே சிக்கலாக்கிக்கொள்கிறீர்கள்.

## ஏறின பிறகு: அந்த நாலு வாரம்

'சரி' சொல்லி, புதிய வேலையில் சேர்ந்துவிட்டீர்கள். புதிய வேலையின் நிபந்தனைகள் ஏதாவது ஒரு வகையில் பழையதிலிருந்து மாறியிருந்தால், ஒரு பரீட்சார்த்த காலம் தானாகவே தொடங்கும். நிறுவனம் தர வேண்டியதில்லை, நீங்கள் கேட்க வேண்டியதும் இல்லை. வேலை தொடங்கிய நாளிலிருந்து நாலு வாரம். உங்களைப் போலவே நிறுவனத்துக்கும் இது பார்க்கும் காலம்தான்.

இதற்குள் வேலை ஒத்துவராது என்று நீங்கள் விலகினால், பழைய வேலை முடிந்த அன்றே ஆட்குறைப்பில் போனதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இழப்பீட்டுக் கணக்கும் அந்தத் தேதியில்தான். புதிய வேலையில் சேர்ந்ததால் உரிமை போய்விட்டது என்று பயந்து, சேராமலே மறுப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஆனால் முன்பு பார்த்த இரண்டு கேள்விகளும் இங்கேயும் திரும்ப வரும். பொருத்தமான வேலையிலிருந்து நியாயமான காரணம் இல்லாமல் இறங்கினால் பணம் கிடைக்காது. நாலு வாரம் என்பது கேள்வி கேட்காமல் பணம் தரும் சீட்டு அல்ல.

நாலு வாரம் முடிந்து மறுநாளும் வேலைக்குப் போனால்? அப்போது வேலையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். சேவை முறியாமல் தொடரும், இந்த ஆட்குறைப்புக்கான இழப்பீடு முடிந்த கதை. 'இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேனே' என்று மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி, அவரும் தலையாட்டி, பிறகு பணம் இல்லை என்று கேட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலு வாரத்தை நீட்ட ஒரே ஒரு வழிதான் சட்டத்தில் உண்டு: புதிய வேலைக்குப் பயிற்சி தேவைப்பட்டால். அதுவும் வேலை தொடங்குவதற்கு முன்பே, முடியும் தேதியைப் போட்டு, எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு பொறி, இந்த வாரங்கள் நாட்காட்டி வாரங்கள். வேலை செய்த நாட்களை எண்ணுவதில்லை. கிறிஸ்துமஸுக்குத் தொழிற்சாலை மூடியிருந்த நாட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 1980களின் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒருவர் நாலு வாரம் தாண்டிச் சில நாளில் விலகினார், பணம் கிடைக்கவில்லை.

வசந்தியின் தேதிகளைப் போட்டுப் பார்ப்போம். பழைய வேலை டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை முடிகிறது. புதியது 7ஆம் தேதி திங்கட்கிழமை தொடங்குகிறது. நாலு வாரம் ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை முடியும். கிடங்கு டிசம்பர் 24இலிருந்து புத்தாண்டு முடியும்வரை மூடல். திங்கள் முதல் வியாழன்வரை வேலை என்றால், 16 நாள் கிடைக்க வேண்டிய இடத்தில் 11 நாள்தான் கையில்.

சுருக்கமாக: பதில் சொல்லும் அவகாசம் கேட்டு வாங்குவது. பரீட்சார்த்த காலம் சட்டம் தருவது, ஆனால் முன்பே எழுதிய பயிற்சி ஒப்பந்தம் இல்லையென்றால் ஒரு நாளும் நீளாது.

## கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை

மேலே சொன்னதெல்லாம் எல்லோருக்கும். கர்ப்பமாக இருப்பதாகத் தெரிவித்தவர்களுக்கும், பேறுகால விடுப்பில் இருப்பவர்களுக்கும், குழந்தை பிறந்து 18 மாதம்வரையும், பொருத்தமான காலியிடம் இருந்தால் அதை மற்றவர்களுக்கு முன் அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். நேர்முகத் தேர்வு வைத்துப் போட்டியிட வைக்கக்கூடாது. இந்தப் பாதுகாப்பு 2024 ஏப்ரலில்தான் இவ்வளவு நீண்டது, பழைய கையேடுகளை வைத்துப் பேசும் எச்.ஆர். அதிகாரிகள் இன்னும் இருக்கலாம்.

## தாளைக் கொடுத்த பிறகு

வசந்தி தன் தாளை நிறுவனத்திடம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இதில் ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் குறைகளை அவர்கள் சரிசெய்துவிட்டால், மறுக்க உங்களிடம் இருந்த காரணங்களும் கூடவே போய்விடும். அதனால் மனதில் உண்மையிலேயே உறுத்துவதை எழுத வேண்டும். எண்ணிக்கைக்காகப் பத்துக் குறை எழுதி, அதில் எட்டைச் சரிசெய்து கொடுத்தால், மீதி இரண்டுக்குப் பலம் இருக்காது.

நிறுவனம் திரும்பி வந்து, காலை ஷிப்ட் தருகிறோம், மணிக்கு 15 பவுண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றது. வாரத்துக்கு 600. மறுபடி கணக்கு: கூடுதல் 60இல் வரி போக 43.20, அதில் பயணம் 32.90 போனால் கையில் 10 பவுண்ட் கூட. மாலையில் தாயாரோடு இருக்கலாம். மேற்பார்வைப் பதவி மட்டும் திரும்பவில்லை. இப்போது மறுத்தால் 7,290 கிடைக்குமா என்றால், இறைச்சிக்கடை மேலாளர் வழக்கைக் காட்டி வாதாடலாம். ஆனால் முன்னைப்போல் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் ஏகாஸ் என்ற அரசு சார்ந்த அமைப்பின் இலவசத் தொலைபேசி ஆலோசனையையோ, யூனியன் வக்கீலையோ கேட்பது நல்லது. பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும் என்பதையும் அப்போது நினைவில் வையுங்கள்.

வசந்தி ஏறிப் பார்ப்பதாக முடிவெடுத்தார். மேற்பார்வைப் பொறுப்பு இல்லாமல் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்ததும், அன்று என்ன வேலை கொடுத்தார்கள், கடிதத்தில் சொன்னதிலிருந்து எது மாறியிருந்தது, யாரிடம் சொன்னார், என்ன பதில் வந்தது என்று தேதி போட்டு நாலு வரி எழுதி வைத்தார். விலக நேர்ந்தால் கடிதத்தில் போட வேண்டிய வாசகத்தையும் முதல் நாளே எழுதித் தயாராக வைத்துக்கொண்டார்: "பரீட்சார்த்த காலத்துக்குள், கீழே உள்ள காரணங்களால், இந்த வேலை எனக்குப் பொருந்தவில்லை என்று தெரிவிக்கிறேன். என் ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கோருகிறேன்."

தொலைபேசியில் நினைவூட்டல் வைக்கும்போது ஜனவரி 3 என்று அவர் போடவில்லை. அன்று ஞாயிறு, அலுவலகமும் மூடியிருக்கும், மின்னஞ்சலைத் திறக்க ஆள் இருக்காது. கிடங்கு திறந்திருக்கும் கடைசி நாளான டிசம்பர் 23, காலை பத்து மணி என்று போட்டுக்கொண்டார்.